முப்பத்தாறு ஆண்டில் ஒரு சுற்று: யோகினி தசை

தமிழ்நாட்டில் எழுதப்படும் ஜாதகத்தில் "கர்ப்பச் செல் நீக்கி நின்ற இருப்பு" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். பிறக்கும்போது எந்தக் கிரகத்தின் தசை நடந்தது, அதில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதைச் சொல்லும் வரி அது. அங்கிருந்து தொடங்கும் கணக்கு விம்சோத்தரி. ஒன்பது கிரகங்கள், மொத்தம் 120 ஆண்டுகள். நம் ஊரில் "என்ன தசை நடக்கிறது?" என்று கேட்டால், கேட்பவரும் பதில் சொல்பவரும் இதைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் பராசரர் பெயரில் வழங்கும் ஹோரா சாஸ்திரத்தில் இதைத் தவிர இன்னும் பல தசைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் இன்று வட இந்தியாவில், குறிப்பாக இமாசலம் போன்ற மலைப்பகுதிகளில், நடைமுறையில் உள்ளது யோகினி தசை. டெல்லி பாரதிய வித்யா பவனில் ஜோதிட வகுப்பு நடத்திய கே.என். ராவும் அவருடைய மாணவர்களும், விம்சோத்தரியில் கண்ட பலனை இன்னொரு தசையிலும் சரிபார்த்த பிறகே சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தைப் பரப்பினார்கள். அப்படிச் சரிபார்க்க அவர்கள் கையில் எடுத்தவற்றில் யோகினியும் ஒன்று.

விம்சோத்தரியில் சிலருக்கு என்ன குறை தெரிகிறது? தசைகளின் நீளம். சுக்கிரனுக்கு 20 ஆண்டு, சனிக்கு 19, ராகுவுக்கு 18. ஒருவருக்கு ராகு தசை நடக்கிறது என்றால் அந்தப் பதினெட்டு ஆண்டில் அவர் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளை பெற்று, வீடும் கட்டிவிடலாம். எல்லாவற்றுக்கும் ராகு என்ற ஒரே பெயர். புக்தியையும் அந்தரத்தையும் வைத்துத்தான் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 120 ஆண்டு வாழ்பவர் மிக அரிது என்பதால் ஒன்பது தசைகளையும் முழுதாகப் பார்ப்பது ஏறக்குறைய யாருக்கும் வாய்ப்பதில்லை.

யோகினியில் எட்டு தசைகள். எட்டு யோகினிகளின் பெயர்கள், ஒவ்வொருத்திக்கும் ஒரு கிரகம். மங்களா (சந்திரன்) 1 ஆண்டு, பிங்களா (சூரியன்) 2, தான்யா (குரு) 3, பிராமரி (செவ்வாய்) 4, பத்ரிகா (புதன்) 5, உல்கா (சனி) 6, சித்தா (சுக்கிரன்) 7, சங்கடா (ராகு) 8. கூட்டினால் 36. கேதுவுக்கு இதில் இடமில்லை. முப்பத்தாறு வயது நிரம்பிய எவரும் எட்டையும் ஒரு முறை கடந்திருப்பார். அதன்பின் அதே வரிசை மறுபடியும் வரும். ஜாதகர் ஐம்பது வயதுக்காரர் என்றால், இப்போது நடக்கும் யோகினி அவருடைய பதினான்காவது வயதில் என்ன செய்தாள் என்று கேட்டுப் பார்க்கலாம். யோகினியை விரும்பும் ஜோதிடர்கள் இதை ஒரு பெரிய வசதியாகச் சொல்கிறார்கள்.

கணக்கும் எளிது. அசுவினியை ஒன்றாக வைத்து ஜன்ம நட்சத்திரம் வரை எண்ணி, மூன்றைக் கூட்டி, எட்டால் வகுக்க வேண்டும். மீதி ஒன்றென்றால் மங்களா, இரண்டென்றால் பிங்களா. மீதியே இல்லாவிட்டால் சங்கடா. தசை இருப்பைக் காண்பது விம்சோத்தரியில் போலத்தான்: நட்சத்திரத்தில் சந்திரன் கடக்க வேண்டிய தூரம் எத்தனை பங்கோ, தசையில் அத்தனை பங்கு மிச்சம். புக்திக்கு, தசையின் ஆண்டையும் புக்தி யோகினியின் ஆண்டையும் பெருக்கி 36-ஆல் வகுக்க வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு வாழ்க்கையில் இதைப் போட்டுப் பார்க்கலாம். இந்திரா காந்தி பிறந்தது 1917 நவம்பர் 19, அலகாபாத். ஜோதிடர்கள் வழக்கமாக எடுக்கும் நேரம் இரவு 11 மணி 11 நிமிடம். கடக லக்னம். சந்திரன் மகரத்தில் சுமார் ஐந்தரை பாகையில், உத்திராடத்தில். உத்திராடம் 21-வது நட்சத்திரம். மூன்றைக் கூட்டினால் 24. எட்டால் மீதியின்றி வகுபடுகிறது. ஆகவே பிறப்பில் சங்கடா. நட்சத்திரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாக்கி என்பதால் எட்டு ஆண்டில் சுமார் 2 ஆண்டு 8 மாதம் இருப்பு. 1920 ஜூலையில் சங்கடா முடிகிறது. அதன்பின் வரிசையாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

உல்கா 1935 நடுவில் தொடங்குகிறது. 1936 பிப்ரவரியில் தாய் கமலா நேரு காலமானார். 1941 ஜூலையில் சித்தா, அதாவது சுக்கிரன். 1942 மார்ச்சில் பெரோஸ் காந்தியுடன் திருமணம், சித்தாவில் சித்தா புக்தி. 1944-ல் மூத்த மகன் பிறந்ததும் சித்தாவில்தான். இதே காலத்தில் விம்சோத்தரியில் ஓடியது ராகு தசை, 1936 முதல் 1954 வரை. திருமணத்துக்குச் சுக்கிரன் காரகன் என்பதால், ராகு என்று பொதுவாகக் காட்டும் பட்டியலைவிட சுக்கிரன் என்று நேரே காட்டும் பட்டியல் தெளிவாக இருக்கிறது என்பது யோகினிக்காரர்களின் வாதம். விம்சோத்தரிக்காரர் இதற்கு அசரமாட்டார். திருமணத்தின்போது நடந்தது ராகு தசையில் சனி புக்தி. கடக லக்னத்துக்கு ஏழாம் அதிபதி சனி. எனவே களத்திர ஸ்தானாதிபதியின் புக்தியில் கல்யாணம், இதைவிடப் பொருத்தம் வேண்டுமா என்பார். ஜோதிட இலக்கணப்படி இரண்டு பதிலும் சரி.

அடுத்த சுற்றில் 1962 முதல் 1966 நடுப்பகுதி வரை பிராமரி, செவ்வாய். கடக லக்னத்துக்குச் செவ்வாய் ஐந்துக்கும் பத்துக்கும் அதிபதியாகி யோககாரகன் ஆகிறார். 1966 ஜனவரியில் இந்திரா பிரதமரானார். 1971 ஜூலை முதல் 1977 ஜூலை வரை மீண்டும் உல்கா. இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். உல்கா என்றாலே கஷ்டம் என்று பட்டியல் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. 1975 நெருக்கடி நிலையையும் 1977 மார்ச் தோல்வியையும் காட்டி, பார்த்தீர்களா என்பார்கள். ஆனால் 1971 டிசம்பர் போர் வெற்றியும் அதே உல்காவில்தான், தசை தொடங்கிய ஆறாம் மாதத்தில் வருகிறது. யோகினியின் பெயரை மட்டும் வைத்துப் பலன் சொன்னால் இப்படித்தான் பாதி தப்பும். அந்த ஜாதகத்தில் சனி எங்கே இருக்கிறார், எந்த வீட்டுக்கு அதிபதி, யாரோடு பரிவர்த்தனை என்று பார்க்காமல் உல்காவைப் பற்றிப் பேசவே கூடாது. இந்திராவுக்குச் சனி லக்னத்தில், லக்னாதிபதி சந்திரன் சனியின் வீட்டில். இப்படிப்பட்ட பரிவர்த்தனைச் சனி கொடுக்கவும் செய்வார், பறிக்கவும் செய்வார் என்று கற்றவர்கள் சொல்வார்கள்.

1977 ஜூலையிலிருந்து சித்தா ஏழு ஆண்டு. 1980 ஜனவரியில் மறுபடி ஆட்சி. இந்த வெற்றி வந்தது சித்தா தசையில் சங்கடா புக்தியில். மறுபடியும் பெயருக்கு எதிரான பலன். 1984 ஜூலையில் சங்கடா தசை தொடங்குகிறது. அக்டோபர் 31 அன்று படுகொலை, சங்கடாவில் சங்கடா புக்தி. விம்சோத்தரியில் அன்று நடந்தது சனி தசையில் ராகு புக்தி. சங்கடாவுக்கு உரிய கிரகமும் ராகுதான். இரண்டு தசைகளும் ஒரே கிரகத்தில் வந்து நிற்பதைத்தான் இந்த முறையைக் கற்பிப்பவர்கள் தேடுகிறார்கள்.

இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. விம்சோத்தரியும் யோகினியும் சந்திரனின் அதே நட்சத்திரப் பாகையிலிருந்தே புறப்படுகின்றன. பிறந்த நேரம் தவறானால் இரண்டும் சேர்ந்தே தவறும். அப்படியிருக்க இரண்டும் ஒத்துப்போவதை இரண்டு தனித்தனி சாட்சிகள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முடிந்துபோன வாழ்க்கையில் பொருத்திப் பார்ப்பதும் சோதனை ஆகாது. நடந்தது தெரிந்தபின் எந்தத் தசைக்கும் காரணம் சொல்லிவிடலாம். 1942 திருமணமே அதற்குச் சான்று. வரப்போகும் ஒன்றைத் தேதியோடு முன்கூட்டி எழுதி வைத்து, பிறகு எடுத்துப் பார்த்தால்தான் அது சோதனை.

சந்திரனைச் சாராத இன்னொரு தசையைச் சிலர் நாடுவதற்கு இதுவே நியாயமான காரணம் என்று நினைக்கிறேன். ஜைமினி முறையின் சர தசை அப்படிப்பட்டது. அதில் தசை நடத்துவது கிரகமல்ல, ராசி. லக்னத்திலிருந்து தொடங்கும், ஒரு ராசியிலிருந்து அதன் அதிபதி நிற்கும் இடம் வரை எண்ணி ஆண்டுகளைக் காண்பார்கள். லக்னம் மாறாதவரை பிறந்த நேரத்தில் சில நிமிடப் பிழை இருந்தாலும் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் எண்ணும் திசை, விருச்சிகம், கும்பம் ஆகியவற்றுக்கு இரண்டு அதிபதிகள் என்ற சிக்கல் முதலியவற்றில் ஆசிரியருக்கு ஆசிரியர் விதி மாறுகிறது.

அஷ்டோத்தரிக்கும் இதே தொல்லை. 108 ஆண்டு, எட்டு கிரகங்கள், இதிலும் கேது இல்லை. எல்லோருக்கும் பொருந்தாது, நிபந்தனை உண்டு. லக்னாதிபதிக்குக் கேந்திர திரிகோணத்தில் ராகு இருந்தால் பொருந்தும் என்று ஒரு விதி. தேய்பிறையில் பகலிலோ வளர்பிறையில் இரவிலோ பிறந்தவருக்குப் பொருந்தும் என்று இன்னொரு விதி. இந்திராவுக்கு ராகு தனுசில், மகரச் சந்திரனுக்குப் பன்னிரண்டில். முதல் விதிப்படி பொருந்தாது. வளர்பிறை இரவில் பிறந்ததால் இரண்டாம் விதிப்படி பொருந்தும். எதை ஏற்பது என்பது ஜோதிடர் கற்ற வழியைப் பொறுத்தது.

யோகினியில் நிபந்தனை கிடையாது, யாருக்கும் போடலாம். அதிலும் ஒரு கேள்வி மட்டும் தீராமல் நிற்கிறது: ஓர் ஆண்டு என்பது எத்தனை நாள்? சூரியன் ஒரு சுற்று வரும் 365 நாள் ஆறு மணி நேரத்தைப் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். 360 நாள் சாவன ஆண்டைக் கொள்பவர்களும் இருக்கிறார்கள். பிறந்த காலத்தில் வேறுபாடு சில நாள்தான். அறுபத்தாறு வயதில் அது சுமார் ஓராண்டாகிவிடும். இந்திராவின் கடைசிச் சங்கடா ஒரு கணக்கில் 1984 ஜூலை என்றால் மற்றதில் 1983 ஜூலை வாக்கில் தொடங்கிவிடுகிறது. சங்கடாவின் முதல் புக்தி ஒன்றே முக்கால் ஆண்டு நீளம் என்பதால் 1984 அக்டோபர் இரண்டு கணக்கிலும் அதற்குள் அடங்கிவிட்டது. மங்களாவைப் போல ஓராண்டே உள்ள தசையில் இந்த வேறுபாடு தசையையே மாற்றிவிடும். ஜகந்நாத ஹோரா போன்ற கணினி நிரலில் இந்த ஆண்டு அளவை மாற்றிப் பார்க்கலாம். யோகினி பார்த்துச் சொல்லும் ஜோதிடரிடம் எந்த ஆண்டு அளவில் கணித்தீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, ஏற்கெனவே நடந்த இரண்டு மூன்று நிகழ்வுகளின் தேதிகளை அந்த அளவில் சரிபார்க்கச் சொல்வது நல்லது.