வேலை முடிஞ்ச பிறகு 'பில்லைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க'ன்னா என்ன பதில்?

ஃப்ரீலான்ஸ் வேலை செய்றவங்ககிட்ட இருந்து எனக்கு அதிகமா வர்ற கேள்வி, ரேட் எவ்வளவு சொல்லணும்கிறது இல்லை. ரேட் பேசியாச்சு, அட்வான்ஸ் வந்தாச்சு, ஃபைல் எல்லாம் அனுப்பியாச்சு. இன்வாய்ஸ் போனதும் "குறைச்சுக்கங்க"ன்னு கேட்டா என்ன பதில் சொல்றது? இந்த எபிசோட் அதைப் பத்தி மட்டும்தான்.

நான் லேபிள், பேக்கேஜிங் டிசைன் பண்றேன். அதனால அந்தத் தொழில்லேயே ஒரு கணக்கை எடுத்துக்கறேன். செக்கு எண்ணெய் விக்கிற ஒரு சின்ன கம்பெனின்னு வெச்சுப்போம். லோகோ 12,000 ரூபாய், ஆறு லேபிள் தலா 8,000, மொத்தம் 60,000. அட்வான்ஸ் 24,000 வந்துடுச்சு, பாக்கி 36,000. இன்வாய்ஸ் அனுப்பின மறுநாள் ஓனர்கிட்ட இருந்து வாட்ஸ்ஆப்ல இப்படி ஒரு மெசேஜ்: "தம்பி, வேலை அருமை. ரவுண்டா அம்பதுல முடிச்சுக்கலாம். இன்னும் 26 அனுப்பிடவா?"

முதல்ல, அந்தப் பத்தாயிரம் யாருக்கு எவ்வளவுன்னு பார்க்கணும். அவருக்கு அது 60,000-ல ஆறில் ஒரு பங்கு. ஆனா இந்த வேலைக்காக நான் ஃபோட்டோகிராஃபருக்கு ஏற்கெனவே 18,000 கொடுத்திருக்கேன். என் கைக்கு நிக்கிறது 42,000. அதுல பத்தாயிரம் போனா கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. ஃபோட்டோகிராஃபர் எனக்காகக் குறைக்கப் போறதில்லை. குறைப்பு முழுக்க என் சம்பளத்துலதான் விழும். பதில் எழுதறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க.

அடுத்து, உடனே சரின்னும் சொல்ல வேண்டாம், முடியாதுன்னும் சொல்ல வேண்டாம். ஏன் கேட்கிறார்னு தெரியாம சொல்ற எந்தப் பதிலும் தப்பான இடத்துல போய் நிக்கும். நான் அனுப்புறது இவ்வளவுதான்: "சார், வேலை பிடிச்சதுல சந்தோஷம். தொகை நாம மெயில்ல பேசி முடிவு பண்ண 60,000தான். வேலையில ஏதாவது குறை தெரியுதா சார், இல்ல இந்த மாசம் பணம் டைட்டா இருக்கா? எதுன்னு சொன்னீங்கன்னா அதுக்குத் தக்க பார்க்கலாம்."

இந்தக் கேள்விக்கு வர்ற பதில் பொதுவா மூணுல ஒண்ணா இருக்கும்.

ஒண்ணு, நிஜமான குறை. "நல்லெண்ணெய் லேபிள்ல கலர் பிரிண்ட்ல மங்கலா வருது"ன்னு குறிப்பிட்டுச் சொல்வார். அது பில் பிரச்சினை இல்லை, வேலைப் பிரச்சினை. அந்த லேபிளைத் திருத்திக் கொடுக்கணும், பில் அப்படியே நிக்கும். திருத்தவே முடியலைன்னா அந்த ஒரு லேபிளுக்கான 8,000-த்துக்குள்ள பேசலாம். ஒரு லேபிள்ல இருக்கிற குறைக்கு மொத்த பில்லுல கை வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ரெண்டு, பணம் நிஜமாவே டைட். நம்ம கணக்குல ஓனர் சொல்ற பதில் இதுதான்: "பிரிண்டிங்காரர் நான் நினைச்சதைவிட ஜாஸ்தி கேட்கிறார் தம்பி." இங்கே நான் குறைக்கிறது தொகையை இல்லை, தவணையை மாத்துறேன். "இப்போ 20,000, அடுத்த மாசம் 10-ஆம் தேதி 16,000 கொடுங்க சார். ரெண்டாவது தவணை வந்ததும் சோர்ஸ் ஃபைல் அனுப்பிடறேன்." அச்சுக்குத் தேவையான ஃபைல் அவர்கிட்ட இருக்கு, அவர் தொழில் நிக்காது. எனக்கும் பிடி ஒண்ணு இருக்கு. இன்னொரு வழி, எல்லாமே இப்போ தேவையான்னு கேட்கிறது. ஆறு லேபிள்ல ஒண்ணை அவர் இப்போதைக்கு அச்சடிக்கலைன்னா, அதைத் திரும்ப எடுத்துக்கிட்டு 8,000 கழிக்கலாம். விலை குறைஞ்சா வேலையும் குறையணும். அப்போதான் அடுத்த தடவை என் ரேட் தலா 8,000-லயே நிக்கும்.

மூணு, பழக்கம். காரணம் எதுவும் இருக்காது, "எல்லாரும் குறைக்கிறாங்களே"ம்பார். அப்போ ஒரே வரி: "இதுல குறைக்க இடம் இல்லை சார். அடுத்த வேலைக்கு ஆரம்பத்துலேயே பட்ஜெட் சொல்லுங்க, அதுக்குள்ள என்ன பண்ணலாம்னு பார்த்துடலாம்." வாடகை, ஈஎம்ஐன்னு நம்ம கஷ்டத்தை விளக்க ஆரம்பிச்சா, அது ஒவ்வொண்ணுக்கும் அவர்கிட்ட ஒரு பதில் இருக்கும்.

சில சமயம் குறைக்கிறதுதான் புத்திசாலித்தனம். வருஷம் முழுக்க வேலை கொடுக்கிறவரா இருக்கலாம், சின்னத் தொகையா இருக்கலாம். அப்போ தொகையோட தேதியையும் சேர்த்துக் கொடுங்க: "வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா 2,000 கழிச்சுக்கறேன், இல்லைன்னா பழைய தொகைதான்." பழைய இன்வாய்ஸை அழிச்சுட்டு 58,000-னு புதுசா எழுத வேண்டாம். இன்வாய்ஸ் அப்படியே இருக்கட்டும், 2,000-த்துக்குத் தனியா ஒரு கிரெடிட் நோட் போடுங்க. உண்மையான விலை என்ன, சலுகை என்னன்னு பேப்பர்ல தெரியும். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறவங்க, வரியை எப்படிக் காட்டணும்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க.

இதுல பலருக்குத் தெரியாத ஒரு இடம் இருக்கு. அவர் பதிலுக்குக் காத்திருக்காம 26,000 அனுப்பிட்டு, "கணக்கு முடிஞ்சுது தம்பி"ன்னு மெசேஜ் போடறார். நீங்க "நன்றி சார், வந்துடுச்சு"ன்னு போட்டா என்ன ஆகும்? 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 63. கடன் கொடுக்க வேண்டியவர் குறைஞ்ச தொகையைக் கொடுத்து, வாங்குறவர் அதை முழுக் கடனுக்கு ஈடா ஏத்துக்கிட்டா, கடன் முழுசும் தீர்ந்துது. உங்க நன்றியை அப்படி ஏத்துக்கிட்டதுக்கு ஆதாரமா காட்ட முடியும். அதனால அன்னைக்கே எழுதுங்க: "26,000 வந்தது சார், பகுதித் தொகையா வரவு வெச்சிருக்கேன். பாக்கி 10,000." பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, மௌனமா மட்டும் இருக்க வேண்டாம்.

பாக்கி வரவே இல்லைன்னா, உத்யம் பதிவு கை கொடுக்கும். ஆன்லைன்ல இலவசம், தனி ஆளா வேலை செய்றவங்களும் எடுக்கலாம். ஆனா தகராறு வந்த பிறகு இல்லை, வேலை ஒப்புக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிருக்கணும். 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி, வேலையைக் கொடுத்த 15 நாளுக்குள்ள வாடிக்கையாளர் எழுத்துல ஆட்சேபம் சொல்லலைன்னா, அதை ஏத்துக்கிட்டதாதான் அர்த்தம். பணம் கொடுக்க ஒப்பந்தத்துல எவ்வளவு நாள் எழுதினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினா, ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டியா. நான் இதை மிரட்டலா எழுத மாட்டேன். "45 நாள் இந்தத் தேதியோட முடியுது சார்"ன்னு நினைவூட்டலா எழுதுவேன். பத்தாயிரத்துக்காகப் புகார் வரைக்கும் போனா, அந்த ஆள் மறுபடி வேலை கொடுக்க மாட்டார்ங்கிறதையும் கணக்குல சேர்த்துக்கங்க.

இதெல்லாம் நிக்கிறது ஒரே ஒரு மெயில் மேல: வேலை தொடங்குறதுக்கு முன்னாடி எத்தனை லேபிள், எத்தனை திருத்தம், எவ்வளவு தொகைன்னு எழுதி, அவர் "ஓகே"ன்னு சொன்ன மெயில். வாட்ஸ்ஆப்ல பேசி முடிச்சிருந்தாலும் அன்னைக்கு ராத்திரியே அதைத் தொகுத்து ஒரு மெயிலா அனுப்பிடுங்க. பில்லைக் குறைக்கச் சொல்லி மெசேஜ் வரும்போது, அந்த மெயிலுக்கே ரிப்ளை போட்டுப் பேச்சை ஆரம்பிக்கலாம்.