தண்டின் மறுமுனை எப்போது சூடாகும்?

20 சென்டிமீட்டர் நீளமுள்ள செம்புத் தண்டு ஒன்று முழுவதும் 30 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அதன் ஒரு முனையைச் சட்டென்று 100 டிகிரிக்குக் கொண்டுவந்து அங்கேயே நிலைநிறுத்துகிறார்கள். பக்கங்களிலும் மறுமுனையிலும் வெப்பம் வெளியேறாதபடி காப்பு சுற்றியிருக்கிறது. கடைசியில் தண்டு முழுவதும் 100 டிகிரி ஆகிவிடும் என்பதில் ஐயமில்லை. அதுவரை ஒவ்வொரு நொடியும் மறுமுனை எத்தனை டிகிரியில் இருக்கும் என்பதுதான் கணக்கு.

30 டிகிரிக்கு மேல் ஏறிய அளவை θ என்று கொள்ளலாம். அது தண்டில் உள்ள இடத்தையும் நேரத்தையும் பொறுத்து மாறுகிறது. பிரான்ஸைச் சேர்ந்த ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த வெப்பச் சமன்பாடு இந்த இரண்டு மாற்றங்களையும் பிணைக்கிறது:

```
∂θ/∂t = α ∂²θ/∂x²
```

α என்பது வெப்பப் பரவல் திறன். செம்புக்கு அது நொடிக்குச் சுமார் 0.000116 சதுர மீட்டர். துருப்பிடிக்காத எஃகுக்கு ஏறக்குறைய அதில் முப்பதில் ஒரு பங்குதான். அதனால் இதே நீள எஃகுத் தண்டு இதே அளவு சூடேற முப்பது மடங்கு நேரம் எடுக்கும்.

இடம், நேரம் இரண்டும் ஒரே சமன்பாட்டில் பின்னிக் கிடப்பதுதான் சிக்கல். லாப்லாஸ் உருமாற்றம் அந்தப் பின்னலைப் பிரிக்கிறது. θ-வை e^(−st) ஆல் பெருக்கி, நேரத்தின் தொடக்கம் முதல் முடிவிலி வரை தொகையிட்டால், நேரத்தைப் பொறுத்த வகைக்கெழு மறைந்து s என்ற பெருக்கல் காரணியாகிவிடுகிறது. தொடக்கத்தில் θ சுழியம் என்பதால் வேறு உறுப்பு எதுவும் ஒட்டிக்கொள்வதில்லை. மிஞ்சுவது x-ஐ மட்டும் சார்ந்த எளிய சமன்பாடு. சூடான முனையில் 70 டிகிரி ஏற்றம், காப்பிட்ட முனையில் வெப்ப ஓட்டம் இல்லை என்ற இரண்டு நிபந்தனைகளும் அதன் விடையைத் தீர்மானிக்கின்றன:

```
θ̄ = (70/s) · cosh(q(L−x)) / cosh(qL),   q = √(s/α)
```

இனி இதை மீண்டும் நேரத்துக்குத் திருப்ப வேண்டும். இந்த முறையின் சுவையே இங்குதான் இருக்கிறது, ஏனென்றால் திரும்பிவர இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழியில் cosh(qL) சுழியமாகும் s மதிப்புகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பை எடுக்கிறோம். ஒவ்வோர் உறுப்பும் ஒரு சைன் அலை. நேரம் ஆக ஆக அது தேய்கிறது. மிக மெதுவாகத் தேயும் முதல் உறுப்புக்கு நம் தண்டில் காலமாறிலி சுமார் 140 நொடி. அடுத்த உறுப்பு அதைவிட ஒன்பது மடங்கு வேகமாக மறைகிறது. இரண்டாம் வழியில் cosh-களை அடுக்குக்குறிகளாக விரித்தால் நிரப்புப் பிழைச் சார்புகளின் தொடர் கிடைக்கிறது. அதன் உறுப்புகளுக்கு நேரடிப் பொருள் உண்டு: முதலாவது, முடிவே இல்லாத தண்டில் வெப்பம் பரவுவதைச் சொல்கிறது, அடுத்தது, அந்த வெப்பம் காப்பிட்ட முனையில் தடுக்கப்பட்டுத் திரும்புவதைச் சொல்கிறது.

இரண்டும் ஒரே விடைதான். ஆனால் கைக்கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. 60-ஆம் நொடியில் மறுமுனைக்கு சைன் தொடரின் முதல் இரண்டு உறுப்புகள் 42.6 டிகிரி என்கின்றன. பிழைச் சார்புத் தொடரோ 2·erfc(1.199) என்ற ஒரே கணக்கில் அதே 42.6-ஐத் தருகிறது. பத்தாம் நிமிடத்தில் சைன் தொடரின் ஓர் உறுப்பே போதும், விடை 98.8 டிகிரி.

ஐந்தாம் நொடியில்தான் சறுக்கல் வருகிறது. அப்போது சைன் தொடரின் முதல் உறுப்போடு நிறுத்திக்கொண்டால் மறுமுனை 14 டிகிரி என்று வரும். சூடேற்றும் தண்டு தொடக்க வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது. எனவே உறுப்புகள் போதவில்லை என்று அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவதைச் சேர்த்தால் 35.5, மூன்றாவதைச் சேர்த்தால் 28.2 என்று விடை இருபுறமும் ஊசலாடி, மெல்ல 30-ஐ நெருங்குகிறது. பிழைச் சார்புத் தொடரோ இன்னும் 30 டிகிரிதான் என்று ஒரே உறுப்பில் சொல்லிவிடும். தொடக்க நொடிகளுக்குப் பிழைச் சார்பு, பிந்தைய நேரத்துக்கு சைன் தொடர் என்று பொறியாளர்கள் பிரித்துக் கையாள்வது இதனால்தான்.

விடையில் இன்னொரு விளிம்பும் உண்டு. சூடான முனையில் நுழையும் வெப்ப ஓட்டம் தொடக்க நேரத்தில் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஆகவே தொடக்கக் கணத்தில் அது முடிவிலி. எந்தச் சூடேற்றியாலும் அவ்வளவு கொடுக்க இயலாது. நடைமுறையில் முனை 100 டிகிரியை எட்டச் சற்று நேரம் பிடிக்கும், முதல் நொடிகளின் கணக்கும் அந்த அளவுக்கு விலகும்.

பக்கக் காப்பு இல்லாவிட்டால் சமன்பாடே மாற வேண்டும். 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள இதே தண்டின் பக்கங்கள் 30 டிகிரிக் காற்றில் திறந்து கிடந்தால், சதுர மீட்டருக்கு டிகிரிக்குச் சுமார் 10 வாட் வீதம் வெப்பம் கசியும். அப்போது மறுமுனை எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் 88 டிகிரிக்கு அருகிலேயே நின்றுவிடும். சமன்பாட்டில் கசிவுக்காக θ-வுக்கு விகிதமான ஓர் உறுப்பைச் சேர்க்க வேண்டும். உருமாற்றத்தில் q-வுக்குள் இருக்கும் s-உடன் ஒரு மாறிலி கூடும், மற்ற படிகள் அப்படியே செல்லும்.