மூன்று மடங்கு இருந்தால் போதுமா?

ஜனவரி முதல் வாரத்தில் விற்பனைப் பிரிவுகளில் நடக்கும் கூட்டங்களில் ஒரு வகுத்தல் கணக்கு தவறாமல் வரும். மார்ச் முடிவதற்குள் பிடிக்க வேண்டிய ஆர்டர் 1.5 கோடி ரூபாய். பேச்சில் இருக்கும் வாய்ப்புகளின் மொத்த மதிப்பு 4.5 கோடி. வகுத்தால் 3. “மூணு மடங்கு இருக்கு சார், பிடிச்சிடலாம்” என்பார் சேல்ஸ் மேனேஜர். கூட்டம் கலைந்துவிடும்.

பேச்சில் இருக்கும் வாய்ப்புகளின் மொத்தத்தைத்தான் பைப்லைன் என்கிறார்கள். அது இலக்கைப்போல் எத்தனை மடங்கு என்பது கவரேஜ். மூன்று மடங்கு வேண்டும் என்ற வழக்கம் உலகெங்கும் விற்பனைத் துறையில் உண்டு. அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: பேசும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆர்டராக மாறும், அதுவும் இந்தக் காலாண்டுக்குள்ளேயே மாறும். ஐந்தில் ஒன்றுதான் மாறும் என்றால் ஐந்து மடங்கு வேண்டும். எனவே மூன்று போதுமா என்று கேட்பதற்கு முன், நம்மிடம் எத்தனையில் ஒன்று தேறுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இந்தப் பதிலே தவறாக இருக்கிறது.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். நிறுவனமும் எண்களும் கற்பனைதான். கணக்குப் போகும் விதம் அப்படியே நிஜம். சராசரி ஆர்டர் 25 லட்சம். ஒரு விசாரணை ஆர்டராக 5 மாதம் ஆகும். முந்தைய 2 ஆண்டுகளில், பணமும் தேவையும் உண்டு என்று உறுதிசெய்து எடுத்துக்கொண்ட விசாரணைகள் 200. ஆர்டர் ஆனவை 21. கைநழுவியவை என்று குறிக்கப்பட்டவை 42. ஆக 63இல் 21, சரியாக மூன்றில் ஒன்று. மேனேஜரின் நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறது.

மீதி 137 என்ன ஆயின? அவை “ஹோல்டு” என்ற பெட்டியில் கிடக்கின்றன. “அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்” என்று மருத்துவமனை சொன்னது, போனை எடுக்காமல் விட்டது, வாங்க நினைத்த நிர்வாகி வேலை மாறிப் போனது எல்லாம் அதில் சேரும். தோல்வி என்று எழுத எந்த விற்பனையாளருக்கும் கை வராது; அதில் வியப்பும் இல்லை. ஆனால் 200இல் 21 என்றால் 10.5 சதவீதம். பத்தில் ஒன்றுதான். வென்றதையும் தோற்றதையும் மட்டும் எண்ணாமல், ஒரு காலத்தில் உள்ளே வந்த விசாரணைகள் அனைத்தையும் கடைசிவரை பின்தொடர்ந்து எண்ணினால்தான் இது தெரியும்.

அதே 200ஐப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால் எங்கே உதிர்கின்றன என்பதும் தெரிகிறது. டெமோ வரை போனவை 100. கொட்டேஷன் கேட்டவை 50. பேரத்துக்கு உட்கார்ந்தவை 30. ஆர்டர் 21. இவை ஒவ்வொரு படியின் மாற்று விகிதங்கள். பின்னாலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தால், பேரத்தில் இருக்கும் வாய்ப்பு ஆர்டராக 70 சதவீதம், கொட்டேஷன் நிலையில் 42, டெமோவில் 21, விசாரணையில் 10.5.

இந்தச் சதவீதங்களைச் சொந்தப் பதிவேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். விற்பனை மென்பொருள்கள் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சதவீதத்தைத் தாமே போட்டுத் தருகின்றன. சேல்ஸ்ஃபோர்ஸில் ஆரம்ப அமைப்பாக விலை கொடுத்த நிலைக்கு 75, பேரத்துக்கு 90 என்று இருக்கும். மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர்.

இப்போது அந்த 4.5 கோடியைப் பிரிப்போம். விசாரணை நிலையில் 200 லட்சம், டெமோவில் 120, கொட்டேஷனில் 90, பேரத்தில் 40. ஒவ்வொன்றையும் அதன் சதவீதத்தால் பெருக்கினால் 21, 25, 38, 28 என்று வந்து, மொத்தம் ஏறக்குறைய 112 லட்சம் ஆகிறது. மூன்று மடங்கு கவரேஜ் இருந்தும் இலக்குக்கு 38 லட்சம் குறைகிறது. பைப்லைனில் பாதிக்கு நெருக்கமான பணம் முதல் படியிலேயே நிற்பதுதான் காரணம்.

இந்த 112உம் மார்ச்சுக்குள் வராது. 5 மாதம் எடுக்கும் விற்பனையில், ஜனவரியில் விசாரணை நிலையில் இருப்பது ஜூன் வாக்கில்தான் கனியும். அந்த 21 லட்சத்தை இந்தக் காலாண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். டெமோ முடித்தவற்றில் மூன்றில் ஒன்று மார்ச்சுக்குள் முடிந்தால் பெரிது. 25 லட்சம் 8 ஆகிறது. கொட்டேஷன், பேரம் இரண்டும் முழுதாக வந்துவிடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்.

கொட்டேஷன் நிலையிலுள்ள 90 லட்சத்தில் ஒரு 25 லட்ச வாய்ப்பு 7 மாதமாக அசையவில்லை. முடியும் தேதி மட்டும் செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று தள்ளிக்கொண்டே வருகிறது. முன்பு ஆர்டரான எதுவும் கொட்டேஷனில் 2 மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. அப்படியிருக்க இதற்கு 42 சதவீதம் கொடுக்க நியாயமே இல்லை. அதை நீக்கினால் மிஞ்சும் 65 லட்சத்திலிருந்து 27 வருகிறது. 28, 27, 8; கூட்டினால் 63 லட்சம்.

நம்பத்தக்க எண்தானா என்று சரிபார்க்க ஒரு வழி உண்டு. 2 ஆண்டில் 21 ஆர்டர், சராசரி 25 லட்சம் என்றால், காலாண்டுக்குச் சுமார் 65 லட்சம். வேறு வழியாகப் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வருகிறது.

சதவீதத்தால் பெருக்கும் கணக்குக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. பேரத்தில் உள்ள 40 லட்சம் ஒரே மருத்துவமனையுடையது. அதற்கு 28 லட்சம் என்று எழுதினோம். ஆனால் 28 லட்சம் ஒருநாளும் வரப்போவதில்லை. வந்தால் 40, இல்லையேல் ஒன்றுமில்லை. ஆகவே ஒற்றை எண்ணைச் சொல்வதைவிட, அந்த ஆர்டர் கிடைத்தால் 75, கிடைக்காவிட்டால் 35 என்று இரண்டையும் சொல்வது நேர்மை. சிறு நிறுவனங்களில் வாய்ப்புகள் கைவிரல் எண்ணிக்கையில் இருப்பதால் இது இன்னும் முக்கியம். எப்படிப் பார்த்தாலும் 1.5 கோடி இலக்குக்குப் பாதிதான் தேறுகிறது.

4.5 கோடி பைப்லைன் 63 லட்சம் தருகிறது என்றால், ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. இந்த நிறுவனத்துக்கு வேண்டிய கவரேஜ் மூன்றல்ல, ஏழு. ஜனவரியில் 1.5 கோடியை நியாயமான இலக்கு என்று சொல்ல, கிட்டத்தட்ட 10.7 கோடி பைப்லைன் இருந்திருக்க வேண்டும். அதிலும் கணிசமான பங்கு கொட்டேஷனைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்கான விசாரணைகள் ஆகஸ்ட் முதல் நவம்பருக்குள் உள்ளே வந்திருக்க வேண்டும். ஜனவரியில் விளம்பரத்துக்குக் கூடுதல் பணம் ஒதுக்கினால் அது ஜூன் மாதத்து எண்ணைத்தான் மாற்றும்.

இந்தக் காலாண்டுக்குள் செய்ய முடிவது கொஞ்சம்தான். கொட்டேஷனிலிருந்து பேரத்துக்கு வருவதை 60இலிருந்து 75 சதவீதமாக உயர்த்தினால், அது பெரிய சாதனை. கிடைப்பதோ இன்னும் 7 லட்சம். அதனால் பலர் தள்ளுபடியைக் கையில் எடுக்கிறார்கள். அது ஏப்ரலில் முழு விலைக்கு வரவிருந்த ஆர்டரை மார்ச்சில் குறைந்த விலைக்கு இழுத்து வரும். அடுத்த காலாண்டு அந்த அளவுக்குக் காலியாகத் தொடங்கும். வாங்கும் பக்கத்தில் இருப்பவர்களும் இதைக் கவனிக்கிறார்கள். ஒருமுறை மார்ச் 28ஆம் தேதி 15 சதவீதம் குறைத்து வாங்கிய மருத்துவமனை, மறுமுறை பிப்ரவரியில் கையெழுத்துப் போடாது.