மெரினா மணலும் கடற்காற்றும்

மே மாத நடுப்பகல். மெரினா மணலில் வெறுங்காலை வைத்தால் சுரீரென்கிறது. நாலடி தள்ளிக் கடலில் இறங்கினால் இதமாக இருக்கிறது. இரண்டின் மீதும் விழுவது ஒரே வெயில்தானே?

வெயில் வருவது வெப்பக் கதிர்வீச்சால். இடையில் எந்தப் பொருளும் அதற்குத் தேவையில்லை. வித்தியாசம் அதன் பிறகுதான். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடேற்ற, அதே எடை உலர்மணலுக்கு ஆவதைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு வெப்பம் வேண்டும். போதாததற்கு, அலை அந்தச் சூட்டைக் கலக்கிப் பரப்பிவிடுகிறது. மணலோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே கொதித்தாலும் ஒரு சாண் தோண்டினால் குளிர்ச்சி தட்டுப்படும்.

கரையில் வேர்க்கடலை வறுப்பவருக்கு இது கைப்பழக்கம். அடுப்பின் சூடு இரும்பு வாணலியைச் சட்டெனக் கடந்து மணலுக்கு வருகிறது. இதுதான் வெப்பக் கடத்தல். மணல் அதைத் தானாகப் பரப்பாது என்பதால் கரண்டி ஓயாமல் புரட்டுகிறது. நிறுத்தினால் அடிக்கடலை கருகும், மேல்கடலை பச்சையாகவே கிடக்கும்.

சுட்ட தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்க, அது விரிந்து, லேசாகி மேலெழுகிறது. அந்த இடத்துக்குக் கடலின் குளிர்காற்று நகர்ந்து வருகிறது. இந்த வெப்பச் சலனமே கடற்காற்று.

கோடையில் பலமான மேல்காற்று அடித்தால் அது கடலோரத்திலேயே தடைபடும். அன்றுதான் சென்னை கொளுத்துகிறது. கரையிலிருந்து தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்துக்குக் கடற்காற்று இன்னும் தாமதமாகவே எட்டும். அதனால் நுங்கம்பாக்கத்தைவிட அங்கே பெரும்பாலும் வெயில் கூடுதலாகப் பதிவாகிறது.