ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களும் ஆடிட் அபராதமும்

வருமான வரித் துறைக்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டு எழுதுமுன், கேட்கும் தொகை 1961 வருமான வரிச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வருகிறது என்று பாருங்கள்; 2026 ஏப்ரலுக்கு முந்தைய ஆண்டுகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தும். ரிட்டர்னைத் தாமதமாகப் போட்டதற்கு 234எஃப் பிரிவில் வரும் 5,000 ரூபாய் வெறும் கட்டணம். உடல்நலத்தைக் காரணம் காட்டினாலும் அதை விட்டுத்தர அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. கணக்குத் தணிக்கை அறிக்கை தாமதமானால் 271பி பிரிவில் வரும் அபராதம் வேறு வகை. நியாயமான காரணத்தை நிரூபித்தால் அதை விதிக்கக் கூடாது என்று 1961 சட்டத்தின் 273பி பிரிவு சொல்கிறது. கடிதம் பலன் தருவது இங்கேதான்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கொற்கைக்காரர் ஒருவர் பக்கத்து ஏரலில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறார். 2022-23இல் விற்றுமுதல் 2.40 கோடி, பெரும்பாலும் ரொக்கம். அவருடைய தணிக்கை அறிக்கைக்குக் கெடு 2023 செப்டம்பர் 30. ஆகஸ்ட் 12இல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் அக்டோபர் 20இல்தான் வீடு திரும்பினார். அறிக்கை டிசம்பர் 5இல் போனது. அபராதம் விற்றுமுதலில் அரை சதவீதம் அல்லது 1,50,000 ரூபாய், எது குறைவோ அது. இவருக்கு 1,20,000.

டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் இணைத்தால் அக்டோபர் 20 வரைதான் பதில் கிடைக்கும். மீதி 46 நாளுக்கு என்ன பதில்? பலர் தோற்பது இந்த இடத்தில்தான். வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்ன டாக்டர் சான்று, மறுபரிசோதனைச் சீட்டுகள், ஆடிட்டரிடம் கணக்கு ஒப்படைத்த தேதி எல்லாம் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே மாதங்களில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஒழுங்காகப் போயிருந்தால், "கடை நடந்திருக்கிறதே" என்று அதிகாரி கேட்பார். அதை மறைக்காமல் நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இப்படி எழுதலாம்:

"என் கணக்கர் பில்களைக் கூட்டி மாத ஜிஎஸ்டி ரிட்டர்னைப் போட்டார். ஆனால் கைக்கடன், முன்பணம், இருப்பு ஆகியவற்றை நான் மட்டுமே சரிபார்க்க முடியும். தணிக்கை அறிக்கையை என் லாகினில் நானே ஏற்க வேண்டும். 12.8.2023 முதல் 20.10.2023 வரை உள்நோயாளியாகவும், அதன்பின் டாக்டர் சொன்னபடி வீட்டில் ஓய்விலும் இருந்ததால் இரண்டும் உரிய நேரத்தில் இயலவில்லை. எனவே 273பி பிரிவின்கீழ் அபராத நடவடிக்கையைக் கைவிட வேண்டுகிறேன்."

இதைத் தூத்துக்குடி அலுவலகத்தில் கொடுத்துப் பயனில்லை. அபராத வழக்குகள் பெரும்பாலும் முகமறியா முறையில் நடக்கின்றன. வருமான வரித் தளத்தில் Pending Actions, அதில் e-Proceedings என்று போய், நோட்டீசில் உள்ள தேதிக்குள் பதிலையும் சான்றுகளையும் ஏற்றுங்கள். நேரம் போதாவிட்டால் அங்கேயே அவகாசம் கேளுங்கள். பதிலே போடாமல் விட்டால், கையில் இருக்கும் காகிதத்தைப் பார்த்து உத்தரவு வந்துவிடும்.

உத்தரவு பாதகமாக வந்தால், கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம்.