பகிர்ந்த இலாபமும் தங்கிய இலாபமும்

நுழையும்முன்

ஒரு நிறுவனம் வரி போக ஈட்டிய இலாபம் இரண்டு திசைகளில் பிரிகிறது. ஒரு பகுதி பங்குதாரர்களின் கைக்குச் செல்கிறது. அது ஈவுத்தொகை எனப்படும். எஞ்சிய பகுதி நிறுவனத்திலேயே தங்குகிறது. அது தக்கவைத்த இலாபம் எனப்படும். இப்பிரிவினையை அளக்கும் இரண்டு விகிதங்களையும், தங்கிய இலாபம் வளர்ச்சியாக மாறும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

இரண்டு விகிதங்கள்

ஒரு நிறுவனத்தின் பங்கு ஒன்றின் முகமதிப்பு 2 ரூபாய் எனக் கொள்வோம். அந்நிறுவனம் 400 விழுக்காடு ஈவுத்தொகை அறிவித்ததாக நாளிதழில் செய்தி வருகிறது. போட்ட பணம் நான்கு மடங்காகத் திரும்பும் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், இந்தியாவில் ஈவுத்தொகை விழுக்காட்டில் அறிவிக்கப்படும்போது அது முகமதிப்பின் மீதே கணக்கிடப்படுகிறது. ஆகவே, ஒரு பங்கிற்குக் கிடைப்பது 8 ரூபாய்தான்.

அப்பங்கு சந்தையில் 400 ரூபாய்க்கு விற்கிறது என்றால், 400 ரூபாய் கொடுத்து வாங்குபவருக்கு ஆண்டிற்கு 8 ரூபாய் வருகிறது. இது 2 விழுக்காடு. இதுவே ஈவு விளைவு விகிதம். பங்குச்சந்தையினர் இதனை ‘டிவிடெண்ட் யீல்டு’ என்பர்.

அதே ஆண்டில் நிறுவனம் ஒரு பங்கிற்கு ஈட்டிய இலாபம் 20 ரூபாய் எனில், அதில் 8 ரூபாய் பகிரப்பட்டுள்ளது. அதாவது, இலாபத்தில் 40 விழுக்காடு பங்குதாரரை அடைந்துள்ளது. இது ஈவு வழங்கல் விகிதம். எஞ்சிய 12 ரூபாய், அதாவது 60 விழுக்காடு, நிறுவனத்தில் தங்கியுள்ளது.

இரண்டிலும் மேலே நிற்கும் எண் 8 ரூபாயே; கீழே நிற்கும் எண்தான் வேறு. விளைவு விகிதத்தின் கீழே நிற்பது சந்தை விலை. அது நாள்தோறும் வாங்குவோராலும் விற்போராலும் முடிவாகிறது. வழங்கல் விகிதத்தின் கீழே நிற்பது இலாபம். அதில் எவ்வளவு பகிர்வது என்பதை இயக்குநர் குழு பரிந்துரைக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒப்புதல் அளிக்கிறது. முன்னது முதலீட்டாளரின் இன்றைய வரவைக் காட்டும். பின்னது நிறுவனத்தின் முடிவைக் காட்டும்.

விளைவு உயர்வது எப்போதும் நன்மையா?

ஈவுத்தொகை மாறாமல் இருக்கப் பங்கு விலை மட்டும் சரிந்தால், விளைவு விகிதம் தானே உயர்ந்துவிடும். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் இதற்குத் தக்க சான்று. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் பங்கு ஏறத்தாழ 31 டாலருக்கு விற்றது. ஆண்டு ஈவுத்தொகை 96 சென்ட். விளைவு ஏறத்தாழ 3 விழுக்காடு. அவ்வாண்டு நவம்பரில் விலை ஏறத்தாழ 20 டாலராக இறங்கியது. ஈவுத்தொகை ஒரு சென்ட்கூடக் கூடவில்லை. ஆயினும் விளைவு 4.7 விழுக்காட்டை எட்டியது.

அவ்வுயர்வை மட்டும் கண்டவருக்கு அது நல்வாய்ப்பாகத் தோன்றியிருக்கும். ஆனால், அந்நிறுவனத்தின் தொழிற்பிரிவுகள் ஈட்டிய ரொக்கம், வழங்கிவந்த ஈவுத்தொகைக்கு ஈடாக இல்லை. அந்த நவம்பரிலேயே ஈவுத்தொகை பாதியாகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது காலாண்டிற்கு ஒரு சென்டாகச் சுருங்கியது. எனவே, விளைவு விகிதம் உயரும்போது, உயர்ந்தது ஈவுத்தொகையா, தாழ்ந்தது விலையா என்று முதலில் பார்க்க வேண்டும். பின்னர் வழங்கல் விகிதத்தை நோக்க வேண்டும். அது 100 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால், அவ்வாண்டின் இலாபம் ஈவுத்தொகைக்குப் போதவில்லை என்பது பொருள்; பழைய சேமிப்பு கரைகிறது அல்லது கடன் கூடுகிறது.

தங்கிய இலாபம் வளரும் விதம்

தக்கவைத்த இலாபம் பெட்டியில் பூட்டிவைத்த பணம் அன்று. அது புதிய எந்திரமாகவும் கிடங்கில் உள்ள சரக்காகவும் அடைக்கப்பட்ட கடனாகவும் உருமாறியிருக்கும்.

முன்னர்க் கண்ட நிறுவனத்தில், ஒரு பங்கிற்குரிய பங்குதாரர் நிதி 100 ரூபாய் எனக் கொள்வோம். அதைக் கொண்டு 20 ரூபாய் இலாபம் ஈட்டுவதால், ஈட்ட வீதம் 20 விழுக்காடு. தங்கிய 12 ரூபாய் சேர, அடுத்த ஆண்டு நிதி 112 ரூபாய் ஆகிறது. அதே வீதத்தில் இலாபம் 22.40 ரூபாயாக உயரும். வளர்ச்சி 12 விழுக்காடு. தக்கவைத்த விகிதமான 60 விழுக்காட்டை ஈட்ட வீதமான 20 விழுக்காட்டால் பெருக்கினால் இந்த எண் நேராகவே கிடைத்துவிடும்.

இதே நிலையிலுள்ள மற்றொரு நிறுவனம் இலாபத்தில் 90 விழுக்காட்டைப் பகிர்ந்துவிடுகிறது என்போம். அதன் பங்குதாரர் முதல் ஆண்டில் 18 ரூபாய் பெறுவார். தங்குவது 2 ரூபாய் மட்டுமே. வளர்ச்சியும் 2 விழுக்காடே. தொடக்கத்தில் இரண்டாம் நிறுவனமே தாராளமானதாகத் தோன்றும். ஆனால், முதல் நிறுவனத்தின் 8 ரூபாய் ஆண்டுதோறும் 12 விழுக்காடு பெருகி, ஒன்பது ஆண்டுகள் கழிந்தபோது 22.18 ரூபாய் ஆகிறது. இரண்டாம் நிறுவனத்தின் 18 ரூபாயோ அப்போது 21.51 ரூபாயாகவே உள்ளது. குறைவாகப் பகிர்ந்த நிறுவனம், ஈவுத்தொகையிலேயே முந்திவிடுகிறது.

தக்கவைத்தலின் எல்லை

இக்கணக்கு முழுவதும் ஓர் எடுகோளின்மீது நிற்கிறது: புதிதாக இட்ட பணமும் 20 விழுக்காடு ஈட்ட வேண்டும். புதிய முதலீடு 5 விழுக்காடே தருமானால், தங்கிய 12 ரூபாய் ஆண்டிற்கு 60 காசுதான் ஈட்டும். அந்தப் 12 ரூபாயைப் பங்குதாரர் பெற்று 7 விழுக்காடு வட்டி தரும் வைப்பில் இட்டிருந்தால் 84 காசு கிடைத்திருக்கும். இங்கு நிறுவனத்தின் இலாபம் வளர்கிறது. எனினும் பங்குதாரர் இழக்கிறார். வளர்ச்சி என்ற சொல் இவ்விழப்பை மறைத்துவிடக்கூடும்.

பெர்க்சயர் ஹாத்வே நிறுவனத்தின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். வாரன் பஃபெட் 1965இல் அதன் பொறுப்பை ஏற்றபோது அது ஒரு நலிந்த நெசவாலை. அவர் தலைமையில் 1967இல் ஒரு பங்கிற்கு 10 சென்ட் ஈவுத்தொகை ஒரே ஒருமுறை வழங்கப்பட்டது. அதே ஆண்டில் காப்பீட்டு நிறுவனம் ஒன்று வாங்கப்பட்டது. கையில் தங்கிய பணத்தை விளைச்சல் குறைந்த தறிகளிலேயே மேன்மேலும் கொட்டாமல், காப்பீடு முதலிய தொழில்களுக்கு அவர் திருப்பினார். நெசவுப் பிரிவு 1985இல் மூடப்பட்டது, நிறுவனம் வளர்ந்தது. தக்கவைக்கும் ஒவ்வொரு டாலரும் காலப்போக்கில் பங்குதாரருக்குக் குறைந்தது ஒரு டாலர் சந்தை மதிப்பையேனும் உருவாக்க வேண்டும் என்பது அவர் வகுத்துக்கொண்ட அளவுகோல்.

ஆகவே, இலாபத்தில் எவ்வளவு தங்கியது என்பதோடு, தங்கியது எவ்வளவு ஈட்டியது என்பதையும் சேர்த்தே ஒரு நிறுவனத்தை மதிப்பிட வேண்டும். உயர்ந்த ஈட்டம் தரும் வாய்ப்பு உள்ளவரை தக்கவைத்தல் தகும். அவ்வாய்ப்பு தீர்ந்தபின், இலாபத்தை அதன் உரிமையாளரிடமே ஒப்படைத்தல் முறை.

கற்பவை கற்றபின்

1. ஒரு பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். சந்தை விலை 250 ரூபாய். ஒரு பங்கிற்கான இலாபம் 25 ரூபாய். அறிவித்த ஈவுத்தொகை 100 விழுக்காடு. ஈவு விளைவு விகிதத்தையும் ஈவு வழங்கல் விகிதத்தையும் கணக்கிடுக.

2. மேற்கண்ட பங்கின் விலை 125 ரூபாயாகச் சரிந்தால் எந்த விகிதம் மாறும், எது மாறாது? காரணம் கூறுக.