கருப்பை வீக்கமெல்லாம் கட்டியன்று: அடினோமயோசிஸும் நார்த்திசுக் கட்டியும்

மகளிர் பிரிவுக்கு வருவோர் கையில் கொண்டுவரும் ஸ்கேன் அறிக்கைகளில் ‘பல்க்கி யூட்டரஸ்’ என்னும் தொடரை அடிக்கடி காண்கிறோம். இது ஒரு நோயின் பெயரன்று. கருப்பை தன் இயல்பான அளவைக் காட்டிலும் பெருத்திருக்கிறது என்பது மட்டுமே இதன் பொருள். வளர்ந்த பெண்ணின் கருப்பை ஏறத்தாழ 7 முதல் 8 சென்டிமீட்டர் நீளமுடையது. மூடிய கைம்முட்டியின் அளவு என்று கொள்ளலாம். குழந்தை பெற்றவர்களுக்குச் சற்றே பெரிதாக இருப்பது இயல்பு. அதனினும் பெருத்திருந்தால், ஏன் பெருத்தது என்பதே அடுத்த கேள்வி. ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் அந்தக் கேள்வி எழுவதற்கு முன்னரே ‘வயிற்றில் கட்டி’ என்ற பேச்சு பரவிவிடுகிறது.

இங்கு வரும் பலருடைய அனுபவங்களை ஒன்றுசேர்த்து ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். வயது 42. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் விடியுமுன் மல்லிகை வாங்கி, நாள் முழுதும் அமர்ந்து சரம் கட்டி விற்பவர். இரண்டு குழந்தைகள், இரண்டும் சிசேரியன். மூன்று ஆண்டுகளாக மாதவிடாய் எட்டு, ஒன்பது நாட்கள் நீடிக்கிறது. முதல் மூன்று நாட்களில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் நனைந்துவிடுவதால் சந்தைக்குச் செல்வதில்லை. கட்டி கட்டியாக உதிரம் வெளியேறுகிறது. வலி, உதிரப்போக்கு தொடங்குவதற்கு நான்கைந்து நாட்கள் முன்னதாகவே அடிவயிற்றிலும் இடுப்பிலும் ஆரம்பித்து, தொடைவரை இறங்குகிறது. வெளியில் எடுத்த ஸ்கேனில், கருப்பையின் பின்சுவரில் 4 சென்டிமீட்டர் அளவில் நார்த்திசுக் கட்டி இருப்பதாக எழுதப்பட்டிருக்கிறது. “கட்டியை மட்டும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுங்கள்” என்பது அவர் கோரிக்கை.

இரண்டில் எதைச் செய்வதற்கு முன்பும் ஓர் ஐயத்தைத் தீர்த்தாக வேண்டும். அந்த 4 சென்டிமீட்டர் உண்மையில் கட்டிதானா?

ஃபைப்ராய்டு எனப்படும் நார்த்திசுக் கட்டி, கருப்பையின் தசைச்சுவரில் ஒற்றைத் தசையணு பெருகி உருண்டு திரள்வதால் உண்டாவது. வளர வளர அது சுற்றியுள்ள தசையை ஒதுக்கித் தள்ளுகிறது. அவ்வாறு ஒதுங்கிய தசை ஓர் உறைபோல அதைச் சூழ்ந்து நிற்கும். பலாச்சுளைக்குள் இருக்கும் கொட்டையைப் போல அதற்கு எல்லை உண்டு. சுளையைக் கீறினால் கொட்டை தனியே வந்துவிடும். அறுவை மருத்துவர் நார்த்திசுக் கட்டியை அகற்றிக் கருப்பையைக் காக்க முடிவது இந்த எல்லையால்தான்.

அடினோமயோசிஸ் வேறு வகை. கருப்பையின் உள்ளே மாதந்தோறும் வளர்ந்து உதிரும் மெல்லிய உட்படலம் ஒன்று உண்டு. அந்தப் படலத்தின் திசு தசைச்சுவருக்குள்ளேயே ஊடுருவிக் குடிகொண்டுவிடும் நிலையே அடினோமயோசிஸ். முறுக்கு மாவில் எள்ளைக் கலந்து பிசைந்தபின் எள்ளை மட்டும் எவ்வாறு பிரித்தெடுப்பது? இங்கும் அதே நிலைதான். நோய்த்திசு எங்கே முடிகிறது, நல்ல தசை எங்கே தொடங்குகிறது என்று கத்தி வைக்கத் தெளிவான எல்லை கிடையாது. இரண்டுமே புற்றுநோய் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த அச்சத்தோடுதான் பலர் வருகிறார்கள்.

படலம் ஏன் சுவருக்குள் புகுகிறது என்பது முழுமையாகத் தெளிவாகவில்லை. பல பிரசவங்களோ, சிசேரியன் போன்ற கருப்பை அறுவைகளோ படலத்துக்கும் தசைக்கும் இடையேயான எல்லையைச் சிதைப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனினும் குழந்தை பெறாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. ஆகவே “அறுவைச் சிகிச்சையால்தான் வந்தது” என்று யாரையும் நொந்துகொள்ள வேண்டியதில்லை.

வலியின் இயல்பை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். மாதவிடாய்க் காலத்தில் கருப்பையின் உள்ளே உதிரும் படலத்துக்கு வெளியேற வழியுண்டு. சுவருக்குள் சிக்கிய திசு அதே ஹார்மோன்களுக்கு இணங்கி வீங்கிக் கசிந்தாலும் அதற்குப் போக்கிடமில்லை. சுற்றியுள்ள தசை எரிச்சலுற்றுத் தடிக்கிறது, கருப்பை முழுவதும் உருண்டு பெருக்கிறது, தொட்டால் நோகிறது. பொதுவாக, கருப்பைத் தசை இறுகி இரத்தக் குழாய்களை நெருக்குவதால்தான் உதிரப்போக்கு அடங்குகிறது. நோயுற்றுத் தடித்த தசையால் அவ்வாறு செவ்வனே இறுக முடிவதில்லை. பெருத்த கருப்பையில் உதிரும் பரப்பும் மிகுதி. இவ்விரண்டும் சேர்ந்து போக்கை மிகுதியாக்குகின்றன.

நார்த்திசுக் கட்டியில் நிலைமை அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. உட்குழியை நோக்கிப் புடைத்த கட்டி, 2 சென்டிமீட்டர் அளவே இருந்தாலும் கடும் உதிரப்போக்கை உண்டாக்கலாம். வெளிப்புறம் நோக்கி வளர்ந்தது, தேங்காய் அளவு இருந்தும் உதிரப்போக்கைச் சிறிதும் மாற்றாமல், சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி சிறுநீர் கழிக்கச் செய்வதோடு நின்றுவிடலாம். சில வேளைகளில் கட்டிக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது அழியத் தொடங்கும்போது கடும் வலி வருவதுண்டு. அது மாதவிடாயோடு ஒட்டி வர வேண்டியதில்லை.

மருத்துவர் கையால் பரிசோதிக்கும்போதும் இவ்வேறுபாடு ஓரளவு புலப்படும். நார்த்திசுக் கட்டியுள்ள கருப்பை பொதுவாகக் கடினமாகவும் மேடுபள்ளமாகவும் இருக்கும். அழுத்தினால் பெரும்பாலும் வலிக்காது. அடினோமயோசிஸில் அது சீராக உருண்டு, சற்று மென்மையாக, குறிப்பாக மாதவிடாயை ஒட்டிய நாட்களில் தொட்டாலே வலிக்கும். அளவும் ஒரு குறிப்புத் தருகிறது. அடினோமயோசிஸ் மட்டுமே உள்ள கருப்பை மூன்று மாதக் கருவைத் தாங்கிய அளவுக்குமேல் பெருப்பது அரிது. தொப்புள் வரை எட்டியிருந்தால் நார்த்திசுக் கட்டியைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.

நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு வயிற்றின் மேல் வைத்து எடுத்த ஸ்கேன் மட்டுமே செய்யப்பட்டிருந்தது. பெண்ணுறுப்பின் வழியே சிறு கருவியைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேன் கருப்பைக்கு மிக அருகிலிருந்து பார்ப்பதால் சுவரின் நுண்மையைக் காட்டும். கூச்சத்தால் பலர் இதை மறுக்கிறார்கள். இந்நோயைப் பொறுத்தவரை அதை மறுப்பது விடையையே மறுப்பதாகும் என்பது எங்கள் கருத்து. மணமாகாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. போன்ற மாற்று வழிகள் உள்ளன. நார்த்திசுக் கட்டி என்றால் விளிம்பு தெளிவாகத் தெரியும். இரத்தக் குழாய்கள் அதைச் சுற்றி வளைந்து ஓடும். அவருக்கோ பின்சுவர் முன்சுவரைவிட வெகுவாகத் தடித்திருந்தது. விளிம்பு எதுவும் இல்லை. தசைக்குள் சிறு சிறு நீர்க்குமிழ்கள் தெரிந்தன. இரத்தக் குழாய்கள் தடிப்பைச் சுற்றாமல் அதன் ஊடாகவே சென்றன. முன்பு 4 சென்டிமீட்டர் கட்டி என எழுதப்பட்டது, ஓரிடத்தில் திரண்ட அடினோமயோசிஸ்.

இத்தகைய குழப்பம் எவருக்கும் நேரக்கூடியதே. ஒரே கருப்பையில் இரண்டும் சேர்ந்திருப்பதும் சாதாரணம். முன்னாளில் அகற்றிய கருப்பையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபின்னரே அடினோமயோசிஸ் என்று உறுதிசெய்ய முடிந்தது. கருப்பையை எடுக்காமலே அறியும் வாய்ப்பு நல்ல ஸ்கேன்கள் வந்தபின் கிடைத்ததாகும். கட்டி என்று நம்பி அறுவையைத் தொடங்கி, உள்ளே உரித்தெடுக்க எல்லையே இல்லாமல் திகைப்பதைவிட, ஐயமிருந்தால் முன்னதாகவே எம்.ஆர்.ஐ. எடுப்பது மேல்.

அவருடைய ஹீமோகுளோபின் 7.4 இருந்தது. கருவுறாத பெண்ணுக்கு 12-க்குக் கீழ் இரத்தச்சோகை; 8-க்குக் கீழ் கடுமையானது. படியேறினால் மூச்சு வாங்குவதை அவர் வயதின் மேல் ஏற்றிச் சொல்லியிருந்தார். எனவே முதல் சிகிச்சை கருப்பைக்கு அன்று, இரத்தத்துக்கு. நரம்பின் வழியே இரும்புச்சத்து ஏற்றப்பட்டது. தைராய்டு பரிசோதிக்கப்பட்டது. 40 வயதைக் கடந்து உதிரப்போக்கு மிகுந்தவர்களுக்கு உட்படலத்தில் சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பது அவசியம் என்பதால் அதுவும் செய்யப்பட்டது. தீங்கான மாற்றம் எதுவும் இல்லை.

அடுத்த மாதவிடாய்க்கு இரண்டு மாத்திரைகள் தரப்பட்டன. உதிரப்போக்கு மிகுந்த நாட்களில் மட்டும் உட்கொள்ளும் டிரானெக்ஸாமிக் அமிலம் போக்கை ஏறத்தாழப் பாதியளவு வரை குறைக்கவல்லது. கால் நரம்பிலோ நுரையீரலிலோ முன்பு இரத்தம் உறைந்தவர்கள் அதை உண்ணலாகாது. ஆகவே அண்டை வீட்டார் தந்த மாத்திரையை விழுங்குவது ஆபத்து. மெஃபனாமிக் அமிலம் வலிக்கானது. இவை இரண்டும் துன்பத்தைத் தணிப்பவையே. தடித்த சுவரை மாற்றுபவை அல்ல.

நீண்டகாலத்துக்கு அவர் தேர்ந்தது, லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்னும் ஹார்மோனைச் சிறிது சிறிதாகக் கருப்பைக்குள்ளேயே வெளிவிடும் ‘டி’ வடிவச் சாதனம். காப்பர்-டி போன்ற தோற்றமுடையது. ஆயினும் வேலை நேர்மாறானது. காப்பர்-டி உதிரப்போக்கைக் கூட்டக்கூடும். இது படலத்தை மெலியச் செய்து போக்கைக் குறைக்கிறது. குறைந்தது 5 ஆண்டுகள் பயன்தரும். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதளவில் நின்றுவிடுகிறது. நின்றபின் இரண்டு நோய்களுமே பொதுவாக அடங்கிவிடும். 42 வயதில் அவருக்கு இது அந்த இடைவெளியைக் கடக்கும் பாலமாகிறது. முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு விட்டுவிட்டுச் சொட்டுச் சொட்டாக உதிரம் காணும். இதை முன்னரே அறியாதவர்கள் “ஒத்துக்கொள்ளவில்லை” என்று இரண்டாம் மாதமே எடுக்கச் சொல்வது அடிக்கடி நிகழ்கிறது. கருப்பை மிகப் பெருத்திருந்தால் சாதனம் தானே நழுவி விழவும் கூடும். அத்தகையவர்களுக்கு முதலில் சில மாதம் ஊசி போட்டுக் கருப்பையைச் சுருக்கிய பின் பொருத்துவதுண்டு. சாதனத்தை விரும்பாதோருக்கு டையனோஜெஸ்ட் போன்ற அன்றாட ஹார்மோன் மாத்திரை உள்ளது.

இவை யாவும் பயன் தராமற்போகும் பெண்களும் இருக்கிறார்கள். குழந்தைப்பேறு நிறைவுற்று, வலியும் இரத்தச்சோகையும் மீண்டும் மீண்டும் வருமாயின், கருப்பையை அகற்றுவதே இந்நோய்க்கு முடிவான தீர்வு. அதில் தயங்கவும் வேண்டியதில்லை. ஆனால் அது முதற்படியன்று. பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் மாநிலங்களில் தேவையற்ற கருப்பை அகற்றங்கள் நடந்தமை குறித்த வழக்கில், அவற்றைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என 2023-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. இரு சிசேரியன் ஆனவருக்குச் சிறுநீர்ப்பை பழைய தழும்போடு ஒட்டியிருக்கக்கூடும். அதனால் அறுவையில் கூடுதல் கவனம் தேவை. சினைப்பைகளையும் சேர்த்து எடுக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். அடினோமயோசிஸுக்காக அவற்றை எடுக்க வேண்டியதில்லை. எடுத்துவிட்டால் மாதவிடாய் நின்ற காலத்தின் உடல் வெம்மையும் எலும்புத் தேய்மானமும் உடனே தொடங்கும்.

இன்னும் குழந்தை வேண்டுவோர் தம் விருப்பத்தை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மேற்கூறிய ஹார்மோன் சிகிச்சைகள் கருத்தரிப்பைத் தடுப்பவை. நோயுற்ற தசையை வெட்டியெடுக்கும் அறுவை தேர்ந்த கைகளில் சிலருக்கு உதவுகிறது. ஆனால் நல்ல தசையும் உடன் போவதால், பின்னர் வரும் கர்ப்பத்தில் கருப்பை கிழியும் இடர் உண்டு.

பரிசோதனைக்கு வரும்போது பழைய ஸ்கேன் அறிக்கைகளோடு, கடந்த மூன்று மாதங்களில் உதிரப்போக்கு தொடங்கிய நாள், வலி தொடங்கிய நாள், ஒரு நாளில் மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு ஒரு நாப்கின் முழுதும் நனைந்தாலோ, எழுந்தால் கண் இருண்டு மயக்கம் வந்தாலோ, தாளையும் முன்பதிவையும் எதிர்பாராமல் அவசரப் பிரிவுக்கே வந்துவிட வேண்டும்.